ஏழு நாள் இரவல் பெட்டி

செய்தி வந்தபோது மணி நாலு பத்து. புதன்கிழமை. ஆறாம் நம்பர் அன்று வேலைக்குப் போகவில்லை. மதியத்திலிருந்து செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்தபடி இருந்தார். தங்கை கணவருக்கு ஒரு வரி எழுதுவதும் அழிப்பதுமாகப் பொழுது போனது. "மாப்ள, நேத்து சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்று எழுதி அழித்தார். "மிச்சம் அஞ்சு சுத்து இருக்கு, வாங்க" என்று எழுதி அதையும் அழித்தார். அப்போதுதான் மணி அடித்தது. தங்கை.

"அண்ணா, அவரு எடைமேடையில உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லைன்னு சொல்றாங்கண்ணா."

அவசர அழைப்பு மையத்தில் இருபத்திரண்டு வருடம் இந்த மாதிரிக் குரல்களைக் கேட்டவர். எங்கே, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்று கேட்க வேண்டிய கேள்விகள் வாயில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் கேட்கவில்லை. "வரேம்மா" என்று மட்டும் சொன்னார். முன்னறையில் ஆம்ப்ளிபயர் காலையிலிருந்து சூடேறிக் கிடந்தது. அதை அணைக்கத் தோன்றாமல் அப்படியே செருப்பை மாட்டினார்.

அந்த மையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, உட்காரும் மேசை எண்தான் பெயர். இவர் ஆறாம் நம்பர். சொந்தக்காரர்கள்கூட விளையாட்டாக அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தங்கை கணவருக்கு ஊரெல்லாம் தராசு என்று பெயர். கடைகளிலும் கிடங்குகளிலும் எடைக்கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க ஆய்வாளர். முத்திரையிட்ட படிக்கற்களை ஒரு மரப்பெட்டியில் வெல்வெட் குழிகளுக்குள் அடுக்கி, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போவார். கையால் தொடமாட்டார், விரல் எண்ணெய் பட்டால் எடை கூடிவிடுமாம். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுச் சமையலறைத் தராசைச் சோதித்துவிட்டு, "இருபது கிராம் அதிகமாக் காட்டுது, மாமா. இத்தனை வருசமா நீங்க கொஞ்சம் கம்மியாத்தான் சாப்பிட்டிருக்கீங்க" என்று சொன்னவர். மாமனார் ஒரு வாரம் பேசவில்லை. மாமியார் மட்டும் ரகசியமாகச் சிரித்தார்.

சண்டை பிடிக்கத் தெரியாத ஆள். யாராவது கத்தினால், கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சரி, அளந்து பாத்துரலாமா?" என்பார். அது கத்துகிறவருக்கு இன்னும் எரிச்சலூட்டும்.

பாட்டுப் பெட்டி விவகாரம் அதற்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கியது. ஆறாம் நம்பருக்கு உலகத்தில் ஒரே ஆடம்பரம் பாட்டுக் கேட்பது. பதினைந்து வருடம் முன்பு வாங்கிய ஸ்பீக்கர் இரண்டு, ஒரு ஆம்ப்ளிபயர், அப்புறம் பாட்டுகளைச் சேமித்து வைத்து வாசிக்கிற ஒரு சின்னப் பிளேயர். வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்காருவார். அழுகையும் பதற்றமும் கேட்ட காதைக் கழுவிக்கொள்கிற நேரம் அது. கடந்த சில மாதங்களாக அது கைகூடவில்லை. பாட்டு இடது பக்கம் சாய்ந்து கேட்டது. வலது பக்கம் மங்கல், மேலே ஒரு துணியைப் போட்டதுபோல. பாடுகிற பெண் நடுவில் நிற்காமல் ஒதுங்கி நின்றாள். எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்ப்பார். உட்காருவார். மறுபடி எழுவார்.

"ஒரு பாட்டு முழுசா உக்காந்து கேட்டு எத்தனை நாளாச்சு? நீங்க பாட்டுக் கேக்குறீங்களா, உடற்பயிற்சி பண்றீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"பிளேயர்தான் காரணம். உள்ள இருக்குற டிஏசி மட்டம்."

டிஏசி என்பது எண்ணைச் சத்தமாக்குகிற சங்கதி. பிளேயருக்குள் பாட்டு பாட்டாக இல்லை, எண்களாக இருக்கிறது. ஒரு நொடிக்கு நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் எண்கள், காதுக்கு ஒன்று என இரண்டு வரிசை. அவற்றை ஏறி இறங்குகிற மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் ஆம்ப்ளிபயருக்குப் புரியும். எல்லாப் பிளேயருக்குள்ளும் அந்த வேலைக்கு ஒரு சின்னச் சில்லு உண்டு. அது போதாது என்று நினைப்பவர்கள் அதே வேலைக்கென்று தனிப்பெட்டி வாங்கி, எண்களை ஒரு ஒயர் வழியாக அதற்கு அனுப்புகிறார்கள். வாங்குவது தகுமா என்பதுதான் கேள்வி. ஆறாம் நம்பருக்குள் அதற்கும் அடியில் வேறொரு கேள்வி கிடந்தது. மங்கல் பெட்டியில் இல்லையென்றால், பிறகு எங்கே? மையத்தில் ஒவ்வொரு வருடமும் காதுச் சோதனை உண்டு. அடுத்த மாதம் அவர் முறை. காது போனால் ஆறாம் மேசை போகும்.

ஆடியோ கடைக்குத் தராசையும் கூட்டிப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சு மன்னன். பழைய பிளேயர் மாதிரி ஒன்றை முதலில் ஒலிக்கவிட்டார், பிறகு பளபளவென்று கறுப்பாக இருந்த தனிப்பெட்டிக்கு மாற்றினார். அறை நிரம்பியது. ஆறாம் நம்பரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கேட்டீங்களா சார்? முன்ன பாட்டு பக்கத்து வீட்ல கேட்டுச்சு. இப்ப உங்க மடியில வந்து உக்காந்திருச்சு."

தராசு பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வெளிய எத்தனை வோல்ட் தருதுங்க?"

"வோல்ட்டா? சார், இது பாட்டுக் கேக்குற பொருள். அயர்ன் பாக்ஸ் இல்ல."

"இல்ல, சத்தம் கூடினா நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். எங்க வேலையில அதைத்தான் தட்டுல விரல் வைக்கிறதுன்னு சொல்லுவோம்."

கடைக்காரர் முகம் சுருங்கியது. ஆறாம் நம்பருக்கு அவமானமாக இருந்தது. "மாப்ள, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று பல்லைக் கடித்துச் சொன்னார். கடைக்காரர் ஏழு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். அடுத்த சனிக்கிழமைக்குள் பணமோ பெட்டியோ வந்தாக வேண்டும்.

ஞாயிறு முழுவதும் ஆறாம் நம்பர் மிதந்தார். பெட்டியைச் செருகியதும் எல்லாம் தெளிந்ததுபோல இருந்தது. மனைவியை இழுத்து வந்து உட்காரவைத்தார்.

"வித்தியாசம் தெரியுதா?"

"சத்தமா இருக்கு."

"சத்தம் இல்ல, தெளிவு."

"சரி, தெளிவாச் சத்தமா இருக்கு" என்று எழுந்து போனார்.

திங்கள் மாலை தராசு பையோடு வந்தார். பையில் மின்னழுத்தம் அளக்கிற ஒரு மல்டிமீட்டரும் ஒரு நோட்டும். பிளேயரின் சொந்த வெளியீடு ஆம்ப்ளிபயரின் ஒரு உள்ளீட்டு வாயில், கறுப்புப் பெட்டி இன்னொரு வாயில். இரண்டுக்கும் ஒரே எண்கள் ஒரே நேரத்தில் போகும்படி அமைத்தார். அளவெடுக்க ஒரே சீரான முனகலை ஓடவிடச் சொன்னார்.

"நொடிக்கு ஆயிரம் சைக்கிள் வைக்கட்டுமா? இணையத்துல எல்லாரும் அதான் சொல்றான்."

"நம்ம மீட்டர் அவ்வளவு மேல போனா பொய் சொல்லும், மச்சான். நூறு வைங்க. அதுக்குள்ள இது யோக்கியன்."

பிளேயர் இரண்டு வோல்ட் காட்டியது. கறுப்புப் பெட்டி இரண்டரை. இடது வலது இரண்டையும் தனித்தனியாக அளந்தார். பிளேயரிலும் இரண்டு பக்கமும் சமம், பெட்டியிலும் சமம். அதை நோட்டில் எழுதும்போது தராசின் பேனா ஒரு கணம் நின்றது. பெட்டியின் ஒலியளவை இரண்டு டெசிபெல் இறக்கினார். மீட்டர் ஒன்று தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது.

"இப்பத்தான் ரெண்டு தட்டும் சமம். கேளுங்க."

ஆறாம் நம்பர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பாதி காணாமல் போயிருந்தது.

"நீங்க அதோட கழுத்தை நெரிச்சு வச்சிருக்கீங்க!"

"அரை வோல்ட்தான் குறைச்சேன். வேணும்னா அதே அரை வோல்ட்டை ரெண்டுக்கும் சேர்த்து ஆம்ப்ளிபயர்ல ஏத்திக்கலாம். அதுக்குக் காசில்ல."

செவ்வாய் மாலை கண்ணைக் கட்டாத குறையாக ஒரு சோதனை. ஆம்ப்ளிபயருக்கு முன்னால் போர்வையைத் தொங்கவிட்டுத் தராசு அதன் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாணயத்தைச் சுண்டி, பூவோ தலையோ விழுந்தபடி பிளேயரையோ பெட்டியையோ வைப்பார். ஆறாம் நம்பர் எது என்று சொல்ல வேண்டும்.

முதல் பத்துச் சுற்று. பத்தும் சரி.

"பாத்தீங்களா! என் காதைப் பத்தி என்ன நெனச்சீங்க?" ஆறாம் நம்பர் நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. அந்த ஒரு நிமிடம் மாதக்கணக்கான பாரம் இறங்கியதுபோல இருந்தது. பத்துக்குப் பத்து. பெட்டி தேறியது, அதைவிட முக்கியமாகக் காது தேறியது.

போர்வைக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ளிபயரின் வாய் மாற்றுகிற குமிழைத் திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக். டக் டக். டக். டக் டக்.

"மச்சான், இப்ப எது?"

"பாட்டே போடலையே."

"சும்மா சொல்லுங்க."

"பெட்டி," என்று வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தராசு குமிழைக் கடைசிவரை இடதுபக்கம் கொண்டுபோய்த்தான் தொடங்குவார். அங்கிருந்து பிளேயருக்கு ஒரு டக், பெட்டிக்கு இரண்டு டக். நாள் முழுக்க ஒயரின் மறுமுனையில் கதவு சாத்துகிறதா, கண்ணாடி உடைகிறதா என்று கவனிக்கப் பழகிய காது, கேட்கிறோம் என்று தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தது.

"நான் ஏமாத்தல, மாப்ள."

"தெரியும். என் தப்புதான். இத்தனை வருசத்துல எத்தனை கடைக்காரன் தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்கான், கண்டுபிடிச்சிருக்கேன். என் குமிழை நான் பாக்கல." தராசு உண்மையாகவே வெட்கப்பட்டார். "அந்தப் பத்தையும் கணக்குலேருந்து அடிச்சிருவோம். மறுபடி முதல்லேருந்து. பதினாறு சுத்து. பன்னெண்டு சுத்தாவது சரியா வந்தாத்தான் காது கேட்டுச்சுன்னு அர்த்தம். எட்டு வந்தா அது நாணயமே சொல்லிரும்."

இந்த முறை ஒவ்வொரு சுற்றிலும் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று நான்கு தடவை சுழற்றிவிட்டுத்தான் நிறுத்தினார். டக்குகள் பொரிகடலைபோலப் பொரிந்தன. ஆறாம் நம்பருக்கு வியர்த்தது. ஒவ்வொரு முறையும் பாட்டை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டார். பெட்டி. இல்லை, பிளேயர். பொறுங்க, பெட்டி. பதினொன்று முடிந்தபோது எழுந்து போர்வையை விலக்கினார்.

"எத்தனை?"

"பதினாறு முடியட்டும்."

"எத்தனைன்னு கேட்டேன்."

"அஞ்சு."

பதினொன்றில் ஐந்து. ஆறாம் நம்பர் நின்றபடியே நின்றார். மிச்சம் ஐந்தும் சரியாக வந்தால்கூடப் பத்துதான்.

தராசு நோட்டை மூடினார். மெதுவாகத்தான் பேசினார். "பெட்டி நல்ல பெட்டி. பிளேயரும் நல்ல பிளேயர். ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது. மங்கல் ரெண்டுலயும் இருக்குல்ல?"

"இருக்கு."

"அளவுல ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, மச்சான். நாளைக்கு ஒண்ணு பண்ணுவோம். பாட்டு வேணாம், இரைச்சலை ஓடவிடுவோம், மழை மாதிரி, ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே அளவு. அப்புறம் நீங்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகு காட்டி உக்காருங்க. ஸ்பீக்கர்ல குறைன்னா மங்கல் உங்க இடது பக்கம் வந்துரும். வரலைன்னா..."

"வரலைன்னா?"

"நீங்க இப்பெல்லாம் போனை இடது காதுலதான் வைக்கிறீங்க. அஞ்சாறு மாசமாப் பாக்குறேன்."

ஆறாம் நம்பருக்குக் கன்னம் சுட்டது. தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்ததை, மையத்தில் ஹெட்செட்டைக்கூட சத்தமில்லாமல் இடம் மாற்றி மாட்டிக்கொண்டதை, இந்த மனிதன் அரை வருடமாக எடை போட்டு வைத்திருக்கிறான்.

"அப்ப இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? போர்வை, நாணயம், நோட்டு? என்னைச் சோதிக்கவா வந்தீங்க? நான் என்ன உங்க கடைத் தராசா? முத்திரை குத்திட்டுப் போறதுக்கு?"

"கேட்டா சொல்லியிருக்க மாட்டீங்க, மச்சான்."

"கிளம்புங்க. என் காதை நான் பாத்துக்குறேன்."

தராசு வழக்கம்போலக் காத்திருந்தார். வழக்கமாகச் சொல்கிறதை அன்று சொல்லவில்லை. ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் கையை விட்டுக் கொஞ்ச நேரம் எதையோ செய்துகொண்டிருந்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு, அடுக்களையைப் பார்த்து "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டையும் மீட்டரையும் விட்டுவிட்டுத்தான் போனார், மறுநாள் வரப்போகிறவர்போல.

மறுநாள் ஒரு கிடங்கின் லாரி எடைமேடையைச் சோதிக்கப் போயிருந்தார். பெரிய இரும்புச் சோதனைக் கற்களை ஏற்றி, முதல் அளவு எழுதி, கொஞ்சம் உட்காருகிறேன் என்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாராம். மையத்துக்கு அழைப்பு மூன்று இருபத்தாறுக்கு வந்தது. ஆறாம் மேசையில் அன்று வேறொருவர். ஒன்பது நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று மையத்தின் கண்காணிப்பாளர் இரண்டு முறை சொன்னார். மையத்தில் அந்த வாக்கியத்தை எப்போது சொல்வார்கள் என்று ஆறாம் நம்பருக்குத் தெரியும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

வியாழன் எப்படிப் போனதென்று அவருக்கு நினைவில்லை. தங்கை வீட்டில் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்தார்கள். தங்கை அழவில்லை. அலமாரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை உங்க வீட்லேருந்து வந்து ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. சண்டையான்னு கேட்டேன். இல்ல, மச்சான் பயந்திருக்காரு, அவ்வளவுதான்னாரு."

"வேற?"

"பெட்டிக்குக் காசைக் கொடுத்துராம பாத்துக்கணும்னாரு. டாக்டருக்குத் தேவைப்படும்னாரு."

ஆறாம் நம்பர் எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

வெள்ளி காலை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி தங்கையோடு இருந்தார். புதன்கிழமை அணைக்காமல் போன ஆம்ப்ளிபயரை யாரோ அணைத்திருந்தார்கள். நாற்காலியைத் தொட்டார், விட்டார். தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். பிறகு இரைச்சலை ஓடவிட்டு, முதலில் எப்போதும்போல ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்தார். மழை இடது பக்கம்தான் அதிகமாகப் பெய்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது இடது ஸ்பீக்கர் வலது காதுப் பக்கம்.

மழை நகரவில்லை. இடது காதிலேயே பெய்தது.

ஒரு முறை போதாது என்று தராசு சொல்வார். ஆறு முறை திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஆறு முறையும் அதே இடம். கடைசி முறை எழுந்திருக்கவில்லை. பல மாதத்தில் முதல் தடவையாக, எழுந்து ஒயரை ஆட்ட வேண்டும் என்று தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரைச்சல் தன்பாட்டுக்கு ஓடியது. தோள் குலுங்கியது. அது எதற்கு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு மையத்துக்குப் போன் செய்தார். "என் சோதனையை அடுத்த மாசத்துக்கு வைக்க வேணாம், திங்கட்கிழமையே வைங்க" என்றார். "அதுவரைக்கும் என்னை அழைப்பு எடுக்க விடாதீங்க. வலது காது சரியில்ல."

"எத்தனை நாளா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கும்."

கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க," என்றார். அதில் பாராட்டு எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று இடது காதுக்குக்கூடப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை கெடு. காலையிலேயே கடைக்காரரிடம் பேசினார்.

"என்ன சார், பிடிக்கலையா?"

"பெட்டி நல்ல பெட்டிங்க. என் பிளேயரே அந்த வேலையைச் சரியாச் செய்யுது, அவ்வளவுதான்."

"அன்னைக்கு உங்ககூட வந்தாரே, வோல்ட் கேட்டவரு, அவரு சொன்னாரா?"

"ஆமா."

"அவருகிட்ட சொல்லுங்க சார், நானும் அளந்து பாத்தேன். அவரு கேட்டது நியாயந்தான். ரெண்டரை வோல்ட் தருது."

ஆறாம் நம்பர், "சொல்றேன்" என்றார்.

பெட்டியைக் கழற்ற ஆம்ப்ளிபயரை முன்னால் இழுத்துத் திருப்பினார். பின்பக்கம் இதற்கு முன்பு அப்படி இருந்ததில்லை. ஒயர்கள் சிக்கெடுத்து வரிசையாக விடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டைச் சீட்டு நூலில் கட்டித் தொங்கியது, கடைகளில் முத்திரைக்குப் பக்கத்தில் கட்டுகிற மாதிரி. தராசின் கையெழுத்து: 'பிளேயர் இடது'. 'பிளேயர் வலது'. 'பெட்டி இடது'. நாலாவதான பெட்டியின் வலது ஒயரிலும் சீட்டு கட்டியிருந்தது. அதில் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.